120 மாணவியர் விடுதிக்குச் சோலார் வாட்டர் ஹீட்டர்: வாளிக் கணக்கிலிருந்து தொட்டி, தகடு, துணைச்சூடு வரை

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியின் மாணவியர் விடுதி. தங்குபவர்கள் 120 பேர். "ஆளுக்கு 25 லிட்டர், ஆக 3000 லிட்டர்" என்று விற்பனையாளர்கள் ஒரே வரியில் கணக்கு முடித்து விலைப்புள்ளி கொடுத்திருந்தார்கள். விடுதி நிர்வாகத்தினர் அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டி, இது சரியா என்று கேட்டார்கள். ஆளுக்கு 25 லிட்டர் என்பது தவறான எண் அல்ல. ஆனால் அது எத்தனை டிகிரியில் உள்ள 25 லிட்டர் என்பதை அந்தக் காகிதம் சொல்லவில்லை. விடுதிச் சோலார் கணக்குகளில் பெரும்பாலான தவறுகள் அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விடுவதிலிருந்துதான் தொடங்குகின்றன.

இன்னொரு கேள்வியும் உண்டு. மருத்துவமனையிலோ ஓட்டலிலோ வெந்நீர் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாகும். விடுதியில் ஏறக்குறைய மொத்தத் தேவையும் காலை ஐந்தரை மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையில் வந்துவிடும். அந்த நேரத்தில் வெயில் இருக்காது. ஆகவே நேற்று மாலை வரை சேர்ந்த வெப்பம் இன்று காலை வரை தொட்டியில் காத்திருக்க வேண்டும். போதாத வெப்பத்தையும், மின்சாரத்தாலோ எரிவாயுவாலோ தரும் துணைச்சூட்டைக் கொண்டு, விடியும் முன்பே அதே தொட்டியில் ஏற்றியிருக்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த நேர ஓட்டத்தைத்தான் பின்பற்றுகின்றன.

படி 1: வாளியை எண்ணுங்கள்

தலைகளை எண்ணிப் பெருக்குவதை விட வாளிகளை எண்ணுவது நல்லது. தண்ணீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து குளியலறைகளுக்கு இறங்கும் குழாயில் ஒரு மீட்டரைப் பொருத்தி, காலை ஐந்து மணிக்கும் எட்டு மணிக்கும் அளவைக் குறித்து வாருங்கள். கழிப்பறைக்கும் அதே குழாய் என்றால் மீட்டர் ஏமாற்றிவிடும். அப்படியானால் ஒவ்வொரு தளத்திலும் ஒருவரை நிறுத்தி, யார் எத்தனை வாளி எடுத்தார்கள் என்று ஒரு வாரம் எழுதச் சொல்லுங்கள். குளியல் வாளியின் கொள்ளளவையும் அளந்துகொள்ளுங்கள். கடையில் 20 லிட்டர் என்று விற்கும் வாளியை யாரும் விளிம்பு வரை நிரப்புவதில்லை; பெரும்பாலும் 17 அல்லது 18 லிட்டர்தான் இருக்கும்.

அந்த ஒரு வாரத்தில் வெள்ளிக்கிழமை கட்டாயம் இருக்க வேண்டும். பெண்கள் செவ்வாயும் வெள்ளியும் தலைக்குக் குளிக்கும் வழக்கம் நம் விடுதிகளில் இன்னும் போகவில்லை. ஆண்கள் விடுதியில் அது புதனும் சனியுமாக இருந்த காலம் உண்டு. இப்போது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்துவிட்டது. எந்த நாளாக இருந்தாலும், தலைக்குக் குளிப்பவர் சாதாரணக் குளியலைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் நீர் எடுப்பார்.

இந்த விடுதியில் கிடைத்த கணக்கு இது. வார நாட்களில் ஊருக்குப் போனவர்கள் போக 110 பேர் இருக்கிறார்கள். சாதாரணக் குளியலுக்கு, வெந்நீரும் தண்ணீரும் கலந்து இளஞ்சூடான நிலையில், 25 லிட்டர் ஆகிறது. தலைக்குக் குளித்தால் 40 லிட்டர். சாதாரண நாளில் 22 பேர் தலைக்குக் குளிக்கிறார்கள், 88 பேர் சாதாரணமாகக் குளிக்கிறார்கள். மொத்தம் 3080 லிட்டர். வெள்ளியன்று 70 பேர் தலைக்குக் குளிக்கிறார்கள், 40 பேர் சாதாரணமாகக் குளிக்கிறார்கள். மொத்தம் 3800 லிட்டர்.

மெஸ்ஸின் தேவையை இதில் சேர்க்கவில்லை. பாத்திரம் கழுவும் வெந்நீர் பிற்பகலில் வேண்டியிருக்கும். அதற்குத் தனியாக ஒரு சிறிய அமைப்பு வைத்துக்கொள்வதே நல்லது. குளியல் தொட்டியிலிருந்து மெஸ்ஸுக்கு ஒரு குழாய் இழுத்தால், மாலையில் அது எடுக்கும் நீருக்கு ஈடாக உள்ளே வரும் தண்ணீர் இரவு முழுவதும் குளிர்ந்தபடியே கிடந்து, காலையில் கடைசியாகக் குளிக்க வருபவரின் தலையில் விழும்.

படி 2: வாளியை வெப்பமாக மாற்றுங்கள்

குளிக்கும் நீர் 40 டிகிரி இருந்தால் போதும். டிசம்பர் மாத விடியற்காலையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை அளந்தபோது 22 டிகிரி இருந்தது. ஆக ஒவ்வொரு லிட்டருக்கும் 18 டிகிரி ஏற்ற வேண்டும். 860 லிட்டர் நீரை ஒரு டிகிரி உயர்த்த ஒரு யூனிட் வெப்பம் வேண்டும் என்ற ஒரே ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால், மீதிக் கணக்கை விரல்விட்டே போட்டுவிடலாம். இங்கே யூனிட் என்பது மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான்.

சாதாரண நாள்: 3080 × 18 ÷ 860 = 64.5 யூனிட்.
வெள்ளி: 3800 × 18 ÷ 860 = 79.5 யூனிட்.

இது குளிப்பவரின் வாளிக்குப் போய்ச் சேரும் வெப்பம் மட்டுமே. இதனுடன் இரண்டு இழப்புகள் சேரும். ஐந்து சென்டிமீட்டர் தடிமனுக்குப் பஃப் என்னும் நுரைக் காப்புள்ள தொட்டிகள் மாலையிலிருந்து விடியும் வரை மொத்தமாக 5 யூனிட் அளவுக்கு இழக்கும். நீரின் வெப்பநிலையில் அது இரண்டு டிகிரிக்குச் சற்று மேல். குழாயில் தேங்கிக் குளிர்ந்துபோகும் நீருக்கு 4 யூனிட் வைக்கலாம். ஆக சாதாரண நாளில் தொட்டிக்குள் ஏற வேண்டிய வெப்பம் சுமார் 74 யூனிட்.

குழாய் இழப்பு 4 யூனிட்டோடு நிற்க வேண்டுமானால் ஒரு நிபந்தனை உண்டு. "குழாயைத் திறந்தவுடன் சூடு வர வேண்டும்" என்று சுற்றுக்குழாய் போட்டு, ஒரு சிறிய பம்பால் வெந்நீரைச் சுற்றவிடும் வழக்கம் இப்போது பரவி வருகிறது. நன்றாகக் காப்புறை சுற்றிய ஓர் அங்குலக் குழாய் கூட மீட்டருக்கு 8 முதல் 10 வாட் வரை வெப்பத்தை விடும். 80 மீட்டர் சுற்றுக்குழாய் என்றால் ஏறக்குறைய 700 வாட். காலை மூன்று மணி நேரம் மட்டும் பம்பு ஓடினால் இழப்பு 2 யூனிட். அதே பம்பை நிறுத்த மறந்து 24 மணி நேரமும் ஓடவிட்டால் 17 யூனிட்; அதாவது 64.5 யூனிட் தேவையில் கால் பங்குக்கு மேல் சுவருக்குள்ளேயே போய்விடும். காப்புறை இல்லாத குழாயாக இருந்தால் இதைப் போல நான்கு மடங்கு. சுற்றுப்பம்பு வைத்தால் அதன் டைமரை மின்பலகைக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிடுங்கள்.

படி 3: தொட்டியின் கொள்ளளவு

கலந்த நீர் 3080 லிட்டர் என்றால் அதில் வெந்நீரின் பங்கு எவ்வளவு? அது வெந்நீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நல்ல வெயில் நாளின் மாலையில் தொட்டி 59 அல்லது 60 டிகிரியில் நின்று, விடியும்போது 57 டிகிரி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் 22, கலவை 40, வெந்நீர் 57. கலவையில் வெந்நீரின் பங்கு, 40-க்கும் 22-க்கும் உள்ள வேறுபாட்டை 57-க்கும் 22-க்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்தால் கிடைக்கும்: 18 ÷ 35, அதாவது 0.514. ஆகச் சாதாரண நாளுக்கு 1584 லிட்டர் வெந்நீர் வேண்டும்.

ஆனால் 1584 லிட்டர் தொட்டி போதாது. வெந்நீர் மேலே வெளியேற வெளியேற, அதே அளவு தண்ணீர் அடியில் நுழைகிறது. நின்ற வாக்கிலுள்ள உயரமான தொட்டியில் சூடான நீர் மேலேயும் குளிர்ந்த நீர் கீழேயும் ஓரளவு பிரிந்தே நிற்கும். மொட்டை மாடிகளில் நாம் வழக்கமாகப் பார்க்கும் படுக்கை வாக்குத் தொட்டியில் அந்தப் பிரிவு சீக்கிரம் கலைந்துவிடும். ஆகவே முழுக் கொள்ளளவில் 80 சதவீதத்தையே பயனுள்ள வெந்நீராக எடுத்துக்கொள்கிறேன். 1584-ஐ 0.8-ஆல் வகுத்தால் 1980. ஆக 2000 லிட்டர்.

வெள்ளிக்கு என்ன செய்வது? அதே 57 டிகிரியில் 1954 லிட்டர் வெந்நீர் வேண்டும். அதற்கு 2500 லிட்டர் தொட்டி ஆகும். வாரத்தில் ஒன்றிரண்டு நாளுக்காக 500 லிட்டர் தொட்டியையும், அதற்கு வெயிலின் வெப்பத்தை வாங்கித் தரும் தகடுகளையும் கூடுதலாக வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வியாழன் இரவு மட்டும் துணைச்சூட்டைக் கொண்டு தொட்டியை 65 டிகிரிக்கு ஏற்றினால், பங்கு 18 ÷ 43 ஆகக் குறைந்து, 3800 லிட்டர் கலவைக்கு 1591 லிட்டர் வெந்நீரே போதுமானதாகிவிடும். 2000 லிட்டர் தொட்டி தரும் பயனுள்ள வெந்நீர் 1600. 57-லிருந்து 65-க்கு ஏற்ற ஆகும் செலவு 2000 × 8 ÷ 860, அதாவது 19 யூனிட்டுக்குள். தொட்டியைப் பெரிதாக்குவதற்குப் பதில் வெப்பநிலையைக் கூட்டுவது என்பது விடுதிகளுக்கு மிகவும் பொருந்தும் வழி. செவ்வாயன்றும் இதே கூட்டம் இருக்கிறதா என்பதை உங்கள் வாளிக் கணக்கே சொல்லிவிடும்.

65 டிகிரி நீர் தோலில் பட்டால் சில விநாடிகளிலேயே கொப்புளம் வரும் என்பதை மறக்கக் கூடாது. தொட்டியிலிருந்து கீழே இறங்கும் குழாயின் தொடக்கத்தில் ஒரு தெர்மோஸ்டாட் கலப்பு வால்வைப் பொருத்தி, குளியலறைக்கு 50 டிகிரிக்கு மேல் போகாமல் நிறுத்த வேண்டும். வெப்பத்தின் மொத்தக் கணக்கு இதனால் மாறாது. குழாயிலும் குறைவான வெப்பமே வீணாகும்.

இப்போது முதலில் சொன்ன 3000 லிட்டர் விலைப்புள்ளிக்குத் திரும்புவோம். அதில் தகடுகள் 16 மட்டுமே இருந்தன. படி 4-இல் வரும் கணக்குப்படி 16 தகடுகள் தரும் வெப்பம் அதே 74 யூனிட்தான். 3000 லிட்டரில் அது பரவினால் உயர்வு 74 × 860 ÷ 3000, ஏறக்குறைய 21 டிகிரி. தண்ணீர் 22 டிகிரியில் இருந்தால் மாலையில் தொட்டி 43 டிகிரி, விடியும்போது 41. குழாயில் ஒன்றிரண்டு டிகிரி போய்விட்டால், கலக்க ஒரு சொட்டுத் தண்ணீரும் தேவைப்படாத வெதுவெதுப்பான நீர்தான் வரும். தொட்டி பெரிதாக இருப்பதைப் பார்த்து நிர்வாகம் மகிழும். மாணவிகள் புகார் எழுதுவார்கள். விலைப்புள்ளியில் லிட்டரைப் பார்ப்பதற்கு முன் தகட்டின் பரப்பைப் பாருங்கள்.

படி 4: தகட்டின் பரப்பு

கோயம்புத்தூரில் தெளிவான டிசம்பர் நாளில், தெற்கு நோக்கிச் சாய்த்த தகட்டின் ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் 5 யூனிட் என்று வைத்துக்கொள்கிறேன். தூசி, குழாய், தொட்டி ஏறும் வெப்பநிலை எல்லாம் சேர்ந்து, அதில் 46 சதவீதம் அளவே நீரில் வந்து சேரும், அதாவது 2.3 யூனிட். 74-ஐ 2.3-ஆல் வகுத்தால் 32 சதுர மீட்டர். சந்தையில் கிடைக்கும் பிளாட் பிளேட் தகடு ஒன்று 2 சதுர மீட்டர் என்பதால் 16 தகடுகள்.

100 லிட்டருக்கு 2 சதுர மீட்டர் என்ற பழைய விதியின்படி 2000 லிட்டருக்கு 40 சதுர மீட்டர் வரும். அந்த விதி, தினமும் முழுத் தொட்டியையும் காலி செய்துவிட்டு 22-லிருந்து 60-க்குச் சூடாக்குவதாக எண்ணிக்கொள்கிறது. நாம் எடுப்பதோ 1584 லிட்டர்தான். இரண்டுக்கும் நடுவே 18 தகடுகள் போட்டாலும் பாதகமில்லை. 20-க்கு மேல் போனால், கோடையில் தண்ணீரே 30 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது தொட்டி கொதிநிலையை நெருங்கி, உப்புப் படிவுதான் வேகமாகும்.

தகட்டின் சாய்வு, ஊரின் அட்சரேகையுடன் 10 முதல் 15 டிகிரி கூட்டியது. கோயம்புத்தூர் 11 டிகிரி; ஆகவே 25 டிகிரி சாய்வு குளிர்கால வெயிலுக்குப் பொருந்தும். டிசம்பர் நண்பகலில் சூரியன் அடிவானத்திலிருந்து 55 டிகிரி உயரத்தில் இருக்கும் என்பதால் நண்பகல் நிழல் பெரிய தொல்லை தராது. தொல்லை தருவது காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்றரை மணிக்கும் லிப்ட் அறையும் மேல்நிலைத் தொட்டியும் போடும் நீண்ட நிழல். டிசம்பரில் ஒரு நாள் மாடியில் நின்று, அந்த நிழலின் எல்லையைச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்த பிறகே ஸ்டாண்டு வைக்கும் இடத்தைத் தீர்மானியுங்கள்.

ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் தகட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சிறுவாணி நீர் வரும் விடுதிக்குப் பிளாட் பிளேட் நன்றாக உழைக்கும். கடினத்தன்மை மிகுந்த போர் தண்ணீரில் அதன் மெல்லிய செம்புக் குழாய்கள் சில ஆண்டுகளிலேயே சுண்ணாம்பால் அடைத்துக்கொள்ளும். அங்கே வெற்றிடக் கண்ணாடிக் குழாய் வகையோ, தகட்டுக்குள் ஒரே நீர் சுழன்று தொட்டிக்குள் சுருள் வழியே வெப்பத்தைக் கொடுக்கும் வகையோ பொருந்தும். வெற்றிடக் குழாய் வகையில், 58 மில்லிமீட்டர் விட்டமும் 1800 மில்லிமீட்டர் நீளமும் உள்ள குழாய் ஒன்றுக்கு 10 லிட்டர் என்பது சந்தை வழக்கம்.

படி 5: நான்கு தொட்டிகளும் ஒரே பங்கு தர வேண்டும்

2000 லிட்டரை ஒரே தொட்டியாக வைத்தால் பம்பு, உணரி, கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் வேண்டும். விடுதிகளில் மின்சாரமின்றித் தானாகச் சுழலும் 500 லிட்டர் அமைப்புகள் நான்கைப் பக்கவாட்டில் இணைப்பதே பராமரிப்புக்கு எளிது. ஒவ்வொன்றுக்கும் நான்கு தகடுகள். தொட்டியின் அடிப்பகுதி, தகட்டின் மேல்விளிம்புக்குக் குறைந்தது 30 சென்டிமீட்டர் மேலே இருக்க வேண்டும். இல்லையேல் இரவில் சுழற்சி திரும்பி, தகடே தொட்டியைக் குளிர வைத்துவிடும். தொட்டியிலிருந்து காற்றும் நீராவியும் வெளியேறும் காற்றுக்குழாயின் வாய், தண்ணீர் மேல்நிலைத் தொட்டியின் உச்ச நீர்மட்டத்துக்கு மேலே நிற்க வேண்டும். தாழ்ந்திருந்தால் வெந்நீர் மாடியில் வழிந்தபடியே இருக்கும். நீர் நிறைந்த 500 லிட்டர் தொட்டி அரை டன்னுக்கு மேல் எடை. ஸ்டாண்டின் கால்கள் தளத்தின் நடுவில் நிற்காமல் உத்தரத்தின் மேல் நிற்கட்டும்.

இணைப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். தண்ணீர் உள்ளே வரும் குழாயும் வெந்நீர் வெளியேறும் குழாயும் முதல் தொட்டியின் பக்கத்திலேயே தொடங்கினால், முதல் தொட்டி வழியாக நீர் எளிதாக ஓடி, அது அரை மணி நேரத்தில் குளிர்ந்துவிடும். நான்காவது தொட்டி எட்டு மணிக்கும் சூடாகவே கிடக்கும். கீழே வரும் கலவை வெதுவெதுப்பாகிவிடும். தண்ணீர் முதல் தொட்டியின் பக்கம் நுழைந்தால், வெந்நீர் நான்காவது தொட்டியின் பக்கம் வெளியேற வேண்டும். எந்தத் தொட்டி வழியாகப் போனாலும் நீர் கடக்கும் குழாயின் நீளம் ஒன்றாகிவிடும். நான்கும் சேர்ந்தே குளிரும். ஏழு மணிக்கு மாடியேறி நான்கு தொட்டிகளின் வெளியேற்றுக் குழாய்களையும் கையால் தொட்டுப் பார்த்தாலே இந்தக் குறை இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

படி 6: துணைச்சூடு எங்கே, எவ்வளவு, எந்த நேரத்தில்

வடகிழக்குப் பருவமழையில் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் வெயிலே இல்லாமல் போவது உண்டு. அந்த நாட்களில் 74 யூனிட்டில் பெரும்பகுதியைத் துணைச்சூடுதான் தர வேண்டும். குளிக்கும் நேரத்திலேயே அதைத் தந்துவிடலாம் என்று சிலர் வெந்நீர் இறங்கும் வழியில் ஒரு கீசரை வைப்பார்கள். 64.5 யூனிட்டை இரண்டு மணி நேரத்தில் தர 32 கிலோவாட் ஹீட்டர் வேண்டும். விடுதியின் அனுமதிக்கப்பட்ட மின்பளு அதைத் தாங்காது. ஆகவே வெப்பம் இரவிலேயே சோலார் தொட்டிக்குள் ஏற வேண்டும். இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை ஏழு மணி நேரம். 74-ஐ 7-ஆல் வகுத்தால் 10.6 கிலோவாட். ஒவ்வொரு தொட்டியிலும் 3 கிலோவாட் காயில், மொத்தம் 12 கிலோவாட், மும்முனை இணைப்பில் பங்கிட்டுக் கொடுத்தால் ஆறேகால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

ஹீட்டரின் அளவை விட அது இயங்கும் நேரம் முக்கியமானது. நான் பார்த்த ஒரு விடுதியில், சோலார் பொருத்திய பிறகும் மின்கட்டணம் சற்றும் குறையவில்லை. அங்கே தெர்மோஸ்டாட் 60 டிகிரியில் வைக்கப்பட்டு, ஹீட்டர் நாள் முழுவதும் இணைப்பில் இருந்தது. காலை எட்டு மணிக்குத் தொட்டி காலியானதும் ஹீட்டர் ஓடத் தொடங்கி, பிற்பகலுக்குள் தொட்டியை நிறைவாகச் சூடாக்கிவிடும். வெயில் உச்சிக்கு வந்தபோது அதற்கு அங்கே வேலையே இல்லை. யாரும் எதையும் உடைக்கவில்லை, எதுவும் பழுதாகவும் இல்லை. அதனால்தான் இந்தத் தவறு ஆண்டுக்கணக்கில் கண்ணில் படாமல் போகிறது.

இதற்கு ஒரு டைமரும், அதன் சொற்படி ஹீட்டரின் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் ஒரு கான்டாக்டரும் போதும். இரவு பத்து மணி முதல் காலை ஐந்து வரை மட்டுமே ஹீட்டருக்கு மின்சாரம். தெர்மோஸ்டாட் 57 டிகிரி. வெயில் அடித்த நாளில் தொட்டி ஏற்கெனவே 59-இல் இருப்பதால், ஹீட்டர் பெரும்பாலும் இயங்காது. விடியும் முன் சில நிமிடங்கள் ஓடினாலும் பாதகமில்லை. மழை நாளில் இரவு முழுவதும் இயங்கும். வியாழன் இரவில் வார்டன் தெர்மோஸ்டாட்டை 65-க்குத் திருப்ப வேண்டும். நினைவில் வைப்பது கடினம் என்றால், 65 டிகிரியில் வைத்த இரண்டாவது தெர்மோஸ்டாட்டை வாரநாள் டைமரோடு இணைத்துவிடலாம். நீர் 60 டிகிரிக்கு மேல் வாரம் ஒரு முறையாவது போவது தொட்டிக்குள் கிருமிகள் பெருகாமல் தடுக்கவும் உதவும். கோடையில் இந்த வியாழன் ஏற்றத்தை நிறுத்திவிடலாம்.

காயிலுக்குப் பதில் ஹீட் பம்பு வைக்கலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். அது சுற்றியுள்ள காற்றிலிருந்து வெப்பத்தை இழுத்து நீருக்குத் தருவதால், ஒரு யூனிட் மின்சாரத்தில் சுமார் மூன்று யூனிட் வெப்பத்தைத் தரும். ஆண்டுக்கு 40 நாள் முழுத் துணைச்சூடு தேவை, நாளுக்கு 70 யூனிட் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 2800 யூனிட். ஹீட் பம்பு அதில் மூன்றில் இரண்டு பங்கை மிச்சப்படுத்தும். யூனிட்டுக்கு 9 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 16,800 ரூபாய். 10 முதல் 12 கிலோவாட் வெப்பம் தரும் பம்பின் விலையோடும் அதன் பராமரிப்போடும் இதை ஒப்பிட்டுப் பாருங்கள். சமவெளியில், சோலார் இருக்கும்போது, என் கணக்கில் அது கட்டுப்படியாவதில்லை. உதகையிலோ கொடைக்கானலிலோ மேகமூட்ட நாட்கள் மிகுதி, தண்ணீரும் மிகவும் குளிர்ந்தது. அங்கே கணக்கு தலைகீழாகலாம். கோயம்புத்தூரில் ஹீட் பம்பை விரும்புவதற்கு உண்மையான காரணம் வேறொன்று: 12 கிலோவாட்டுக்கு மின்பளு அனுமதி கிடைக்காத இடத்தில், 4 கிலோவாட்டுக்குள் அது வேலையை முடித்துவிடும்.

எரிவாயு ஹீட்டர் வைத்தால், ஒரு கிலோ எல்பிஜி நீரில் தரும் வெப்பம் சுமார் 10 யூனிட். வெயிலில்லாத ஒரு நாளுக்கு ஏழரை கிலோ. 19 கிலோ வணிக சிலிண்டர் ஒன்று இரண்டரை நாள் வரும். மின்தடை நீளும் ஊர்களுக்கு இது ஒரு வழி. ஆனால் பராமரிப்பும் பாதுகாப்பும் கூடுதல் கவனம் கேட்கும்.

படி 7: பொருத்திய பின் இரண்டு முறை அளத்தல்

கணக்கு சரியா என்பதை, மாலை ஐந்து மணிக்கும் மறுநாள் காலை ஐந்து மணிக்கும் தொட்டியின் வெளியேற்றுக் குழாயில் எடுக்கும் வெப்பநிலைதான் சொல்லும். அந்தச் சோதனை இரவில் ஹீட்டரை முழுவதுமாக அணைத்துவையுங்கள்.

மாலையிலேயே 50 டிகிரிக்குக் கீழே இருந்தால், குறை வெயில் பக்கத்தில் இருக்கிறது. தகட்டின் கண்ணாடியைத் தொட்டுப் பாருங்கள். கண்ணாடி கொதிக்கிறது, தகட்டிலிருந்து தொட்டிக்கு ஏறும் குழாய் ஆறியிருக்கிறது என்றால், தகட்டுக்குள் அடைப்பு இருக்கிறது அல்லது குழாயின் மேட்டில் காற்று சிக்கியிருக்கிறது. ஒரே வரிசையில் ஒரு தகடு மட்டும் இப்படி இருந்தால் பெரும்பாலும் சுண்ணாம்பு. வரிசை முழுவதும் அப்படி இருந்தால் காற்று.

மாலையில் 60 இருந்து காலையில் 50-க்குக் கீழே இறங்கினால், வெப்பம் இரவில் எங்கோ போகிறது. முதலில் மாலைக் குளியலைச் சந்தேகியுங்கள். விளையாட்டு முடிந்து ஆறு மணிக்கு 20 பேர் குளித்தாலே ஏறக்குறைய 240 லிட்டர் தண்ணீர் தொட்டிக்குள் நுழைந்துவிடும். அதைச் சூடாக்க வெயில் இனி இல்லை. காலைக்கு மட்டும் என்று முடிவு செய்திருந்தால், கீழே இறங்கும் குழாயின் வால்வை எட்டு மணிக்கு மூடி, மறுநாள் ஐந்தரை மணிக்குத் திறப்பதே வழி. அப்படி மூட முடியாத விடுதி, மாலைக் குளியலையும் படி 1-இலேயே எண்ணிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யாரும் குளிக்கவில்லை, ஆனாலும் குளிர்கிறது என்றால் மிக்ஸர் குழாய்களைப் பாருங்கள். முனையில் திருகி நிறுத்தும் ஷவரோ கைத்தெளிப்பானோ உள்ள மிக்ஸரில், இரண்டு கைப்பிடிகளையும் திறந்துவிட்டு முனையை மட்டும் மூடிவைத்தால், வெந்நீரும் தண்ணீரும் அந்தக் குழாய்க்குள்ளேயே ஒன்றுக்கொன்று வழிவிட்டு இரவெல்லாம் கலந்துகொண்டிருக்கும். தண்ணீர்க் குழாயைத் திறந்தால் வெதுவெதுப்பாக வருகிறது என்பது இதன் அடையாளம். ஒவ்வொரு மிக்ஸருக்கும் ஒருவழி வால்வு போடுவதை விட, விடுதிக்கு இரண்டு தனித்தனிக் குழாய்களும் ஒரு வாளியும் வைப்பதே மலிவு. குளியலறைப் பணி முடியாத கட்டடமாக இருந்தால் இப்போதே ஒப்பந்தக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசித் தளத்தின் கடைசிக் குளியலறை மட்டும் புகார் சொன்னால் அது தொட்டியின் குறை அல்ல. முக்கால் அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு மூன்றில் ஒரு லிட்டர் நீர் நிற்கும். 20 மீட்டர் கிளைக்குழாயில் ஆறு லிட்டருக்கு மேல் ஆறிப்போன நீரைக் கொட்டிய பிறகே அங்கே சூடு வரும். கிளைக்குழாயைக் குறுக்குங்கள், அல்லது அந்தத் தளத்துக்குச் சுற்றுக்குழாய் கொடுத்து, அதன் பம்பைக் காலை ஐந்து மணி முதல் எட்டு மணி வரை மட்டும் ஓடவிடுங்கள்.

மே மாதம் விடுதி காலியாகும்போது தகடுகளில் பாதியையாவது சாக்கு அல்லது தார்ப்பாயால் மூடிவிட வேண்டும். யாரும் எடுக்காத நீர் நாள்தோறும் கொதித்துக் காற்றுக்குழாய் வழியே வழிந்தால், அதற்கு ஈடாக வரும் புது நீர் ஒவ்வொரு முறையும் தன் சுண்ணாம்பைத் தகட்டுக்குள் விட்டுப்போகும். ஜூனில் மாணவியர் திரும்பும் வாரத்தில் சாக்குகளை எடுத்துவிட்டு, தொட்டிகளின் அடிவால்வைத் திறந்து படிந்த சேற்றை ஒரு முறை வெளியேற்றுங்கள். டைமரின் கடிகாரம் மின்தடைகளால் பின்தங்கியிருக்கிறதா என்பதையும் அப்போதே சரிபாருங்கள். மணி தவறிய டைமர் இரவு பத்து மணிக்குத் தொடங்க வேண்டிய ஹீட்டரைக் காலை பத்து மணிக்குத் தொடங்கிவிடும்.